ஒரு பனியனின் கழுத்து

நம் விடுதி உணவுக்கூடத்திற்கு வரும் அரிசி மூட்டையின் வாயை என்றேனும் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தையலின் ஒரு பக்கம் நேர்க்கோடாக இருக்கும். மறுபக்கம் சங்கிலி கோத்தாற்போல் இருக்கும். சமையற்காரர் தைத்து முடிந்த முனையில் நூலைக் கத்தரித்துவிட்டு இழுக்கிறார். மூட்டையின் வாய் முழுவதும் ஒரே இழுப்பில் திறந்துகொள்கிறது. இனி, உங்கள் சட்டைக் காலரின் ஓரத்தில் ஓடும் தையலை அவ்வாறு இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தாலும் அறுமே தவிர, தையல் உருவிக்கொண்டு வராது. மூன்றாவதாக, நீங்கள் விளையாடும்போது அணியும் பனியன் துணிச் சட்டையின் அடிமடிப்பைத் திருப்பிப் பாருங்கள். வெளியே இரண்டு இணைகோடுகள். உள்ளே ஏணிபோல் பின்னிக் கிடக்கும் நூல். அதை இரு கைகளாலும் இழுத்தால் துணியோடு சேர்ந்து தையலும் நீளும்.

மூன்றும் இயந்திரத் தையல்களே. ஆயினும் ஒன்று உருவுகிறது; ஒன்று அசையாமல் நிற்கிறது; ஒன்று நீள்கிறது. இவற்றுள் எது நல்ல தையல் என்று கேட்பது பொருத்தமற்ற கேள்வி. எந்த இடத்திற்கு எது என்பதே தொழிற்சாலையில் கேட்கப்படும் கேள்வி. அதற்கு விடை காண, நூல் எவ்வாறு பிணைகிறது, எவ்வளவு நூல் செலவாகிறது என்ற இரண்டையும் அறிந்தால் போதும். பௌதிகம் பயிலும் நான் இத்துறையில் தலையிடுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். என் அத்தை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்பவர். கோடை விடுமுறையில் தில்லியிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரிடம் கேட்டும், அவர் இயந்திரத்தின் அடித்தகட்டைத் திறந்து பார்த்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் சங்கிலித் தையலை எடுத்துக்கொள்வோம். ஊசி துணியைத் துளைத்துக் கீழே சென்று, சற்றே மேலேறும்போது அதன் நூல் துணிக்கடியில் ஒரு சிறு கண்ணியாகப் புடைக்கிறது. ‘லூப்பர்’ என்னும் வளைந்த கொக்கி அக்கண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துணி ஒரு தையல் தூரம் நகர்கிறது. ஊசி மீண்டும் இறங்கி இரண்டாவது கண்ணியைத் தருகிறது. அந்த இரண்டாவது கண்ணி முதற் கண்ணிக்குள் நுழைந்து அதனைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு கண்ணியையும் காப்பது அதற்கு அடுத்த கண்ணி ஒன்றுதான். கடைசிக் கண்ணியைக் காப்பார் எவருமில்லை. அதை இழுத்தால் அதற்கு முந்தையது விடுபடும். அதன்பின் அதற்கு முந்தையது. இவ்வாறே தொடக்கம் வரை. தைக்கத் தொடங்கிய முனையிலிருந்து இழுத்தாலோ உருவாது. மூட்டைக்கு இக்குணம் வேண்டியதே. பயணத்தில் வாய் பிரியக் கூடாது. அடுக்களையில் சாக்கைக் கிழிக்காமல் திறக்கவும் வேண்டும். இந்த ஒற்றை நூல் தையலாற்சட்டையில் பொத்தான் தைப்பதும் உண்டு. புதுச் சட்டையில் தொங்கும் நூலை இழுத்ததும் பொத்தான் கையோடு வந்துவிடுகிறதே, அதன் காரணம் இதுதான்.

ஆடைத் தொழிற்சாலைகளில் மிகுதியாகப் பயன்படும் சங்கிலித் தையல் இரண்டு நூல்களால் ஆனது. ஊசியின் கண்ணிக்குள் லூப்பர் தன் சொந்த நூலைக் கொண்டு நுழைகிறது. ஊசி அடுத்த முறை இறங்கும்போது லூப்பர் நூல் விரித்து வைத்த இடைவெளிக்குள் இறங்குகிறது. இவ்வாறு மேல்நூலும் கீழ்நூலும் துணியின் அடிப்பக்கத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. ஒற்றை நூல் தையலைவிட இது உறுதியானது. எனினும் முடிவு முனையில் லூப்பர் நூல் அவிழ்ந்தால் இதுவும் உருவும்.

இனிப் பூட்டுத் தையல். நம் வீடுகளில் அம்மாவோ பாட்டியோ மிதித்துத் தைத்த இயந்திரம் இடுவது இத்தையலே. எலியாஸ் ஹோவே என்னும் அமெரிக்கர் 1846-இல் காப்புரிமை பெற்றதும் இத்தகைய தையல் இயந்திரத்திற்கே. அதற்குமுன் 1830-இல் திமோனியே என்னும் பிரெஞ்சுத் தையற்காரர் உரிமை பெற்ற இயந்திரம் சங்கிலித் தையலை இட்டது.

பூட்டுத் தையலில் கீழே லூப்பர் இல்லை; பாபின் உண்டு. ஊசி நூலின் கண்ணியைச் சுழலும் கொக்கி ஒன்று பிடித்து, பெரிதாக விரித்து, பாபினையே முழுதாகச் சுற்றிவரச் செய்கிறது. பாபின் நூல் அக்கண்ணிக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. பிறகு மேலுள்ள நெம்புகோல் ஊசி நூலை இழுத்து இறுக்க, இரு நூல்களும் துணியின் கனத்திற்கு நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு பூட்டும் தனித்தனியே நிற்பதால் ஒன்று அறுந்தால் அடுத்தது அவிழ்வதில்லை. மேலும் இருபுறமும் ஒரே நேர்க்கோடு தெரியும். காலர், கைப்பட்டி, சட்டைப்பை, பொத்தான் பட்டி ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் இதையே நாடுவதன் காரணம் இப்போது விளங்கும். காலரின் இரு பக்கமும் பிறர் கண்ணிற்படும். அதன் கூரிய மூலையில் ஊசியை நிறுத்தித் துணியைத் திருப்ப வேண்டும். அடியில் தடித்த சங்கிலி இருந்தால் கழுத்தை உறுத்தும்.

ஆனால் இத்தையலுக்கு ஓர் எல்லையும் உண்டு. ஊசி நூலின் கண்ணி பாபினைச் சுற்றிவர வேண்டுமாதலால் பாபின் சிறிதாகவே இருக்க முடியும். சிறிய பாபினில் நூல் விரைவில் தீரும். தீர்ந்ததும் வேலையை நிறுத்தி மாற்ற வேண்டும். லூப்பரின் நூலோ பல ஆயிரம் மீட்டர் சுற்றிய கோனிலிருந்து நேரே வருகிறது. ஜீன்ஸ் காற்சட்டையின் தொடையிடுக்கிலிருந்து கணுக்கால் வரை ஓடும் நீண்ட உட்தையலைப் பெரும்பாலான ஆலைகள் இரண்டு ஊசிச் சங்கிலித் தையலாக இடுவதற்கு இது ஒரு காரணம். நடுவழியில் பாபின் தீர்ந்தால் ஒட்டுத் தெரியும் அல்லவா? மற்றொரு காரணம், உட்கார்ந்து எழும்போது அவ்விடம் அடிக்கடி இழுபடுகிறது என்பது.

இழுபடுதல் என்ற சொல்லோடு நாம் கட்டுரையின் மையத்திற்கு வருகிறோம். ஒரு சென்டிமீட்டர் தையலிட எவ்வளவு நூல் வேண்டும் என்பதற்குத் தையல்நூல் நிறுவனங்கள் பொதுவான கணக்கொன்று வைத்திருக்கின்றன. துணியின் கனத்தையும் தையலின் நெருக்கத்தையும் பொறுத்து அது சற்று மாறும். பூட்டுத் தையலுக்குச் சுமார் இரண்டரைச் சென்டிமீட்டர். இரண்டு நூல் சங்கிலித் தையலுக்கு ஐந்தரை. பனியன் மடிப்பில் நாம் கண்ட மூடு தையலுக்குப் பதினெட்டு! பூட்டுத் தையலின் இரண்டரையை மேல்நூலும் கீழ்நூலும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் சென்டிமீட்டரே கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் நீளத்தைக் கடக்க ஒன்றேகால் சென்டிமீட்டர் நூல். மிச்சமுள்ள காற் பங்கும் துணியின் கனத்துள் இறங்கி ஏறுவதற்கே செலவாகிறது. நீள்வதற்குக் கையிருப்பு ஏது?

மூடு தையலைத் தொழிலறிஞர் ‘கவர்ஸ்டிச்’ என்பர். திருப்பூர்த் தொழிலாளர் வாயில் அது ‘பேட்லாக்’. ஃபிளாட்லாக் என்ற சொல்லின் உருமாற்றம் அது. இரண்டு ஊசிகள் பக்கம் பக்கமாக இறங்குகின்றன. அவற்றிற்கிடையே ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இடைவெளி. அடியில் ஒரே லூப்பர் குறுக்காகப் பாய்ந்து இரு ஊசிகளின் கண்ணிகளையும் ஒருசேரக் கோக்கிறது. எனவே லூப்பர் நூல் இடமும் வலமுமாக அலைந்து, ஏணிபோல் பரவி, வெட்டிய துணியின் ஓரத்தை மூடிவிடுகிறது. பெயர் வேறாயினும் பிறப்பால் இது சங்கிலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தையல் வகைகளுக்கு எண் கொடுக்கும் ஐ.எஸ்.ஓ. 4915 என்ற உலகத் தரநூலின் 1991-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒற்றைநூல் சங்கிலி 101. பூட்டுத் தையல் 301. இரண்டு நூல் சங்கிலி 401. நாம் கூறும் மூடு தையல் 406. சங்கிலியின் நானூறுகளிலேயே அதுவும் நிற்பதைக் காண்க. மேற்பக்கத்திலும் ஒரு நூலால் மூடப்படும் வகைகளே அறுநூறுகளில் தனி இனமாக வைக்கப்பட்டுள்ளன.

பதினெட்டுச் சென்டிமீட்டரில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு இரு ஊசி நூல்களுக்கும், எஞ்சியது லூப்பருக்கும் போகிறது. அதாவது ஒவ்வோர் ஊசி நூலுக்கும் சுமார் 2.7 சென்டிமீட்டர், லூப்பருக்கு 12.6. துணி நீளும்போது, இந்தத் தளர்ந்த கண்ணிகளில் கிடக்கும் நூல் அவ்விடத்திற்கு ஓடிவந்து உதவுகிறது.

இனி ஒரு குழந்தையின் பனியனை எடுத்துக் கணக்கிடுவோம். இரண்டு வயதுக் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். பனியனின் கழுத்துச் சுற்றளவு இழுக்காத நிலையில் 36 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 36-இன் வழியே 48 நுழைய வேண்டும். 48-ஐ 36-ஆல் வகுத்தால் 1.33. கழுத்து, தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நீண்டாக வேண்டும். பின்னல் துணிக்கு இது எளிது. அதன் கண்ணிகளே விரிந்து கொடுக்கும். தையலின் நிலை என்ன? பூட்டுத் தையலின் ஒவ்வொரு நூலிடமும் இருப்பது 1.25. தேவைப்படுவதோ 1.33. துணியின் கனத்தைத் தாண்ட வேண்டிய பங்கையும் சேர்த்தால் பற்றாக்குறை இன்னும் கூடும். எஞ்சியதை நூலே தன் உடலை நீட்டித் தரவேண்டும். ஒருமுறை, இருமுறை தாங்கலாம். ஆனால் அழுகிற குழந்தைக்குச் சட்டை மாட்டும் தாய் நான்கு புறமும் சமமாகவா இழுக்கிறாள்? ஒரு பக்கத்தைப் பிடித்து இழுக்கிறாள். அந்தப் பக்கத்தில் நீட்சி சராசரியைக் கடந்துவிடுகிறது. அங்கே நூல் ‘பட்’டென்று அறுகிறது. மூடு தையலிலோ ஒவ்வோர் ஊசி நூலிடமும் 2.7 இருக்கிறது; 1.33 அதற்கு ஒரு பொருட்டன்று.

இக்காரணத்தாற்றான் பின்னலாடை ஆலைகளில் கழுத்துப்பட்டியை முதலில் ‘ஓவர்லாக்’ இயந்திரத்தில் இணைக்கின்றனர். ஓரத்தை வெட்டிக்கொண்டே மூன்று நூல்களால் சுற்றித் தைக்கும் அதுவும் நன்கு நீளக்கூடியது. அதன்மேல் மூடு தையலை ஓட்டி இணைப்பைப் படிய வைக்கின்றனர். இப்போது நூற்செலவைப் பாருங்கள். 36 சென்டிமீட்டர் கழுத்தைச் சுற்றிப் பூட்டுத் தையல் ஓட்ட 90 சென்டிமீட்டர் நூல் போதும். மூடு தையலுக்கு ஏறக்குறைய ஆறரை மீட்டர் வேண்டும். ஓர் ஆடைக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் வேற்றுமை. ஆயிரக்கணக்கில் தைக்கும் முதலாளிக்கு இது ஒரு சபலம்.

சபலத்தோடு அவசரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அத்தை கூறக் கேட்டிருக்கிறேன். அவர் முன்பு வேலை பார்த்த ஒரு சிறு கூலித் தையல் கூடத்தில் பேட்லாக் இயந்திரம் பழுதாகிவிட்டது. சரக்கு அனுப்பும் நாள் நெருங்கியிருந்தது. குழந்தைகளின் பனியன்களுக்கு ஓவர்லாக் முடிந்திருந்தது; கழுத்தின் மேல்தையல் மட்டுமே பாக்கி. மேற்பார்வையாளர் அதைப் ‘பவர் டேபிள்’ எனப்படும் பூட்டுத் தையல் இயந்திரத்தில் ஓட்டச் சொன்னார். மேசைமேல் பரப்பிப் பார்த்தால் நேர்த்தியாகவே இருந்ததாம். சரக்கெடுப்பவரின் சோதனையாளர் வந்து ஒரு கழுத்தைப் பிடித்து இழுத்தார். நூல் அறுந்த ஓசை அடுத்த மேசை வரை கேட்டதாம்.

அத்தனையும் திரும்பின. தைத்ததைப் பிரித்து, சரியான தையல் போடவேண்டும். பூட்டுத் தையல் உருவாது என்று மேலே சொன்னேன்; ஆதலால் ஒவ்வொரு பூட்டாக ஊசிமுனையாற் பிரிக்க நேர்ந்தது. பிரித்த இடங்களிற் சிலவற்றில் துணியின் கண்ணி அறுபட்டுத் துளை விழுந்தது, அவை கழிவாயின. அங்கே பெண்களுக்குக் கூலி உருப்படிக் கணக்கில். பிரித்துத் தைப்பதற்குக் கூலி கிடையாது. “தப்பு எங்க கையில இல்லீங்க கண்ணு. போடச் சொன்ன தையல் அது. ஆனா ரெண்டு நாள் கூலி எங்களுக்குத்தான் போச்சு” என்றார் அத்தை. ஒரு தையலின் எண்ணைத் தவறாகக் குறித்தவர் ஒருவர். அதன் விலையைக் கொடுத்தவர் வேறொருவர். வகைப்பாட்டுப் பட்டியல் என்று நாம் அசட்டையாகப் புரட்டும் ஒன்றுக்குள் இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் மூடு தையலால் தைத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் எல்லை உண்டு. காலர் மூலை போன்ற கூரிய திருப்பத்தில் இரண்டு ஊசிகளை ஒருசேரத் திருப்ப இயலாது. உட்புறத்து ஏணிப் பின்னல் வெளியே தெரியும் இடத்தில் அழகு குன்றும். எல்லாவற்றிற்கும் மேலாக, அது சங்கிலியின் குணத்தை மறப்பதில்லை. தைத்து முடிந்த முனையில் லூப்பர் நூல் அகப்பட்டால் மடிப்பு முழுவதும் அவிழும். எனவே அடிமடிப்பைச் சுற்றித் தைத்து வரும்போது, தொடங்கிய இடத்தைத் தாண்டி இரண்டொரு சென்டிமீட்டர் மேலேயே ஓட்டி முடிக்கிறார்கள். உங்கள் பனியனில் இணைகோடுகள் ஓரிடத்தில் இரட்டித்திருப்பதைக் காணலாம். அது பிழையன்று, காவல்.

இத்தையலிற் காணும் பழுதுகளில் இரண்டை மட்டும் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, தையல் விட்டுப்போதல். ஊசி வளைந்திருந்தாலோ, லூப்பர் வந்து சேரும் நேரம் பிசகினாலோ, இரண்டு கண்ணிகளில் ஒன்றை லூப்பர் தவறவிடும். மேலே அவ்விடத்தில் நீண்ட ஒரு தையல் தெரியும். கீழே ஏணியின் ஒரு படி குலைந்திருக்கும். பூட்டுத் தையலில் இது பெரும்பாலும் அழகுக் குறையோடு நிற்கும். சங்கிலிக் குடும்பத்திலோ தவறிய கண்ணியிலிருந்து அவிழத் தொடங்கலாம். இரண்டாவது, இரண்டு கோடுகளுக்கும் நடுவே துணி வரப்புப்போல் எழும்புதல். லூப்பர் நூலின் இறுக்கம் மிகுந்து, இரு ஊசித் தடங்களையும் அது ஒன்றை நோக்கி ஒன்று இழுப்பதால் வருவது இது. அந்த இறுக்கம் நூலின் கையிருப்பையும் குறைத்துவிடுமாதலால், அப்படி எழும்பிய மடிப்பு சரியான இயந்திரத்தில் தைக்கப்பட்டிருந்தும் நீட்சியில் தோற்கும். ஆகவே தையலின் வகை மட்டும் போதாது. இறுக்கமும் அளவோடு அமைய வேண்டும்.

அடுத்த முறை கடைவீதியில் ஊரிலிருக்கும் தம்பிக்கோ அக்காள் குழந்தைக்கோ பனியன் வாங்கும்போது, விலைச்சீட்டைப் பார்க்குமுன் கழுத்தை உட்புறமாகத் திருப்புங்கள். ஏணிபோன்ற பின்னல் தொடர்ச்சியாக இருக்கிறதா, படி ஏதேனும் குலைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரு கைகளாலும் பிடித்து, குழந்தையின் தலை நுழையும் அளவுக்கு மெல்ல இழுங்கள். முதுகுக் கழுத்தில் பட்டி வைத்து மூடிய பகுதி மட்டும் நீளாமல் நிற்கலாம்; பட்டியே நீளாததாகையால் அங்கே பூட்டுத் தையல் இருப்பது குற்றமன்று. மற்ற இடமெல்லாம் துணியோடு தையலும் நீண்டு, விட்டதும் ஓசையின்றித் தன் நிலைக்குத் திரும்பினால், அக்கழுத்தில் ஆறரை மீட்டர் நூலும் தன் இடத்தில் இருக்கிறது என்று அறியலாம்.